எழுதி வைக்காத விற்பனையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: சுன்னாகத்தில் அப்பா நெடுங்காலமாகப் பலசரக்குக் கடை நடத்துகிறார். கடன் கொப்பி, வங்கிக்கூற்று, கொம்பனிக்காரரின் பில் கட்டு, இவ்வளவுதான் எங்கள் கணக்கு. காசு விற்பனையை எழுதி வைத்ததே இல்லை. கடையைப் பெருப்பிக்கக் கடன் கேட்டபோது, 2024/25 ஆண்டுக்கான இலாபநட்டக் கணக்கும் ஐந்தொகையும் வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். உயர்தரத்தில் படித்ததை நினைவுபடுத்தி ஆண்டின் இரு முனைகளுக்கும் நிலைமைக் கூற்றுத் தயாரித்தேன். மூலதனம் 380,000 ரூபாவால் கூடியிருக்கிறது. இதையே இலாபமாகக் காட்டலாமா ஐயா? விற்பனையே தெரியாதபோது வியாபாரக் கணக்கை எப்படி எழுதுவது? என்னிடமுள்ள எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன்.
வாசகி, சுன்னாகம்

பதில்:

காட்ட வேண்டாம், பிள்ளை. அந்த 380,000 இலாபமல்ல. கடையில் அப்பாவுக்குள்ள உரிமை ஓராண்டில் எவ்வளவு நகர்ந்தது என்பது மட்டுமே. அதை மூன்று விடயங்கள் நகர்த்தும். இலாபம் மேலே தள்ளும். வெளியிலிருந்து போட்ட பணமும் மேலே தள்ளும். வீட்டுக்கு எடுத்தது கீழே இழுக்கும். உங்கள் வங்கிக்கூற்றில் ஓகஸ்ட் மாதம் 500,000 ரூபா ஒரே தொகையாக வந்திருக்கிறது. பக்கத்தில் பென்சிலால் "அண்ணா, கனடா" என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். அது கடை உழைத்த பணமல்ல, புதிதாகப் போட்ட மூலதனம். அதைக் கழித்தால் கூடியதாகத் தெரிந்த மூலதனம் உண்மையில் 120,000 குறைந்திருக்கிறது. அதற்காக நட்டம் என்று பதறவும் வேண்டாம். ஆண்டு முழுவதும் வீட்டுக்கு எடுத்ததைத் திரும்பக் கூட்ட வேண்டும். எனவே கடையின் இலாபம் என்பது அப்பாவின் எடுப்பனவிலிருந்து 120,000ஐக் கழித்தால் வருவது. எடுப்பனவு எவ்வளவு என்று எங்கேயும் எழுதப்படவில்லை. உங்கள் சிக்கல் முழுவதும் அந்த ஒரு தொகையில்தான் இருக்கிறது.

முதலில் உங்கள் இரண்டு கூற்றுகளும் சரியா என்று பார்த்தேன். 2024 ஏப்ரல் 1இல் சரக்கிருப்பு 900,000, கடன்பட்டோர் 240,000, வங்கி 180,000, கைக்காசு 30,000, தளபாடமும் தராசும் உபகரணங்களும் 400,000. கடன்கொடுத்தோருக்குரிய 350,000ஐக் கழிக்க மூலதனம் 1,400,000. 2025 மார்ச் 31இல் சரக்கிருப்பு 1,050,000, கடன்பட்டோர் 310,000, வங்கி 260,000, கைக்காசு 40,000, உபகரணங்கள் 540,000. கடன்கொடுத்தோர் 420,000 போக மூலதனம் 1,780,000. உபகரணத்தில் ஆண்டின் தொடக்கத்தில் வாங்கிய 200,000 ரூபா குளிரூட்டியைச் சேர்த்து, எல்லாவற்றுக்கும் பத்து வீதம் பெறுமானத்தேய்வு கழித்திருக்கிறீர்கள். நல்லது.

இரண்டு இடங்களில் மட்டும் உங்களைக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது. தொடக்கச் சரக்கிருப்புக்கு நீங்கள் முதலில் எழுதியிருந்தது 820,000. அது ஏப்ரல் 13 இரவு, வருடப்பிறப்பையொட்டி, அப்பா எண்ணிய சரக்கு. கணக்காண்டு தொடங்குவது ஏப்ரல் 1இல். இடைப்பட்ட அந்த நாட்களோ ஆண்டிலேயே அதிகம் விற்கும் நாட்கள். ஆகவே பின்னோக்கி நடக்க வேண்டும். அந்நாட்களில் விற்றுப்போன சரக்கின் கொள்விலை சுமார் 320,000 என்று உங்கள் தாளில் இருக்கிறது; அதைக் கூட்டுங்கள். அதே நாட்களில் வந்திறங்கிய பில்கள் 240,000, அதைக் கழியுங்கள். 900,000 வருகிறது. நீங்கள் இதைத் திருத்தியே அனுப்பியிருந்தீர்கள். ஆனால் விற்றதன் விற்பனை விலையை அல்ல, கொள்விலையைத்தான் கூட்ட வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

மற்றது கடன்கொடுத்தோர். எங்கள் ஊரில் கொம்பனி வண்டி வந்தால் பின்னைய திகதி போட்ட காசோலையைக் கொடுத்துத்தான் அனுப்புகிறோம். காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையைப் பார்த்தால் பணம் கொடுத்துவிட்டது போல இருக்கும். காசோலையின் திகதியோ ஏப்ரல் நடுப்பகுதி. மார்ச் 31இல் அந்தக் கடன் இன்னும் கடன்தான். ஆகையால் காசோலையால் கொடுத்ததை அடிக்கட்டையிலிருந்து எடுத்தால், ஏப்ரல் திகதி போட்டவற்றை விட்டுவிட வேண்டும். வங்கிக்கூற்றிலிருந்து எடுத்தால், மார்ச் திகதியிட்டுக் கொடுத்து இன்னும் மாற்றப்படாதவை உண்டா என்று பார்க்க வேண்டும். உங்களுடையது இரண்டு வழியிலும் 7,000,000 என்று ஒத்துப்போகிறது.

இனி விடுபட்ட தொகைகளுக்கு வருவோம். இந்த வேலைக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றே: ஒரு கணக்கில் தெரியாத தொகை ஒன்றாக இருந்தால் அந்தக் கணக்கே அதைச் சொல்லும், இரண்டாக இருந்தால் சொல்லாது, வெளியிலிருந்து சாட்சி தேட வேண்டும்.

கொள்வனவு இலகுவானது. கடன்கொடுத்தோருக்கு ஆண்டில் கொடுத்தது காசோலையால் 7,000,000, காசாக 1,140,000. ஆக 8,140,000. இறுதியில் கொடுக்கவுள்ள 420,000ஐக் கூட்டி, தொடக்கத்தில் கொடுக்க இருந்த 350,000ஐக் கழித்தால் ஆண்டுக் கொள்வனவு 8,210,000. தெரியாதது ஒன்று, விடை ஒன்று. பில் கட்டையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். பில்களின் கூட்டு இதைவிடக் கூடினால், பழுதாகித் திருப்பி அனுப்பிய சரக்கையோ கொம்பனி தந்த கழிவையோ எங்காவது தவறவிட்டிருப்பீர்கள்.

வங்கியும் அப்படித்தான். தொடக்க மீதி, அண்ணாவின் பணம், போன பணங்கள், இறுதி மீதி எல்லாம் தெரியும். காசோலைகள் 7,000,000, குளிரூட்டி 200,000, மின்கட்டணம் 120,000. மீதியாக வருவது, கடையிலிருந்து கொண்டுபோய் வைப்பிட்ட 6,900,000. வங்கிக்கூற்றின் வரவுப் பக்கத்தைக் கூட்டினாலும் அண்ணாவின் தொகை போக இதே எண் வர வேண்டும், வருகிறது.

அடுத்தது லாச்சிக் காசு. இதை எழுதிப் பார்த்தால்தான் சிக்கல் கண்ணுக்குத் தெரியும்.

கைக்காசுக் கணக்கு, 2025 மார்ச் 31 வரையான ஆண்டு (ரூபா)

வரவு
தொடக்க மீதி: 30,000
வாடிக்கையாளரிடம் பெற்றது: ?

செலவு
வங்கியில் வைப்பிட்டது: 6,900,000
சரக்குக்குக் காசாகக் கொடுத்தது: 1,140,000
சம்பளம்: 420,000
கடை வாடகை: 240,000
சில்லறைச் செலவு: 60,000
வீட்டுக்கு எடுத்தது: ?
இறுதி மீதி: 40,000

கேள்விக்குறி இரண்டு. பரீட்சை வினாத்தாளில் எடுப்பனவைத் தந்து விற்பனையைக் கேட்பார்கள், அல்லது விற்பனையைத் தந்து எடுப்பனவைக் கேட்பார்கள். கடையில் அப்படி யாரும் தருவதில்லை. இந்தக் கணக்குச் சொல்வதெல்லாம், வாடிக்கையாளரிடம் பெற்றது 8,770,000உடன் வீட்டுக்கு எடுத்ததையும் கூட்டிய தொகை என்பதே. கடன்பட்டோர் ஆண்டில் 240,000இலிருந்து 310,000 ஆகியிருக்கிறார்கள். விற்றும் காசு வராத 70,000 அது. அதையும் சேர்த்தால் மொத்த விற்பனை, 8,840,000உடன் வீட்டுக்கு எடுத்த காசைக் கூட்டியது. காசு விற்பனை வேறு, கடன் விற்பனை வேறு என்று பிரித்துக்கொண்டிருக்க வேண்டாம். வங்கிக்கு மொத்தம் போதும்.

அப்பா மாதம் 30,000 எடுத்ததாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு 360,000. அதை வைத்தால் விற்பனை 9,200,000. பெரும்பாலானோர் இந்த இடத்தில் பேனாவை மூடிவிடுவார்கள். மூட வேண்டாம். ஞாபகத்தில் சொன்ன ஓர் எண்ணின் மேல்தான் முழு இலாபமும் நிற்கிறது.

வெளிச் சாட்சி, சரக்கின் விலையிலிருந்து கிடைக்கும். முதலில் விற்பனைக் கிரயம். தொடக்கச் சரக்கு 900,000, கொள்வனவு 8,210,000. இவற்றிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோன அரிசி, பால்மா, சவர்க்காரம் ஆகியவற்றின் கொள்விலை 160,000ஐயும் இறுதிச் சரக்கு 1,050,000ஐயும் கழிக்க 7,900,000. வீட்டுச் சரக்கைக் கழிக்காமல் விட்டால், அதையும் வாடிக்கையாளருக்கு விற்றது போல ஆகிவிடும்.

இந்த 7,900,000 ரூபாச் சரக்கை எத்தனை வீதம் வைத்து விற்றிருப்பீர்கள்? நீங்கள் பொருட்களை எடுத்து வாங்கிய விலையையும் விற்ற விலையையும் எதிரெதிரே எழுதியிருப்பது நல்ல வேலை. அதில் அரிசி, சீனி, மா, பருப்பு ஆகியவற்றுக்குக் கொள்விலையில் ஏறத்தாழ 12 வீதமும், பிஸ்கட், சவர்க்காரம், வாசனைப் பொருட்கள், பிளாஸ்ரிக் சாமான்களுக்கு 25 வீதமும் வருகிறது. பொருட்களின் எண்ணிக்கையை வைத்துச் சராசரி எடுத்திருந்தால் பிழைத்திருக்கும். பிஸ்கட்டிலேயே இருபது வகை இருக்கும், சீனி ஒன்றுதான். கொள்வனவுத் தொகையை வைத்து நிறுக்க வேண்டும். உங்கள் பில்களில் அரிசி, சீனி வகை பாதி, மற்றவை பாதி. ஆகவே கடையின் சராசரி 18.5 வீதம்.

இது கொள்விலையின் மேல் வைக்கும் வீதம் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். விற்பனையில் 18.5 வீதம் இலாபம் என்று எடுத்தால், விற்பனை மூன்று இலட்சத்துக்கு மேல் ஊதிவிடும். கொள்விலைக்கு எடுத்தால் மொத்த இலாபம் 1,461,500ஆக இருந்திருக்க வேண்டும். அப்பாவின் ஞாபகப்படி வருவதோ 1,300,000, அதாவது 16.5 வீதம். இரண்டு வீத இடைவெளி சின்னது போலத் தெரியும். தொகையில் அது 161,500. இலாபத்துக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் சின்னதல்ல.

இப்படிக் குறைந்தால் காரணம் நாலைந்துதான் இருக்கும். சரக்குப் பழுதாகியிருக்கலாம். விலையைக் குறைத்து விற்றிருக்கலாம். வராது என்று கடன் கொப்பியில் வெட்டிவிட்ட பெயர்கள் இருக்கலாம். இறுதிச் சரக்கை எண்ணும்போது பின்னறையிலிருந்த மூட்டைகளைத் தவறவிட்டிருக்கலாம். அல்லது, பெரும்பாலும் இதுதான், வீட்டுக்கு எடுத்ததில் ஏதோ ஒன்று சொல்லப்படவில்லை. களவை நான் கடைசியில்தான் நினைப்பேன்.

உங்கள் கடன் கொப்பியின் கடைசி அட்டையில் பன்னிரண்டு கோடுகள் இழுத்து ஒவ்வொன்றுக்கும் எதிரே "10" என்று எழுதியிருக்கிறது. புகைப்படத்தில் அது பாதிதான் தெரிகிறது. கேட்டு எழுதியபோது, அப்பா மாதம் பத்தாயிரம் கட்டும் சீட்டு என்று பதில் வந்தது. லாச்சியிலிருந்துதான் கட்டியிருக்கிறார். சீட்டை எடுப்பனவாக அவர் நினைக்கவே இல்லை. அவருக்கு அது சேமிப்பு. சேமிப்புத்தான், ஆனால் கடையின் சேமிப்பல்ல. அது கடையிலிருந்து வெளியே போன 120,000. நாளை சீட்டை எடுத்துக் கடையில் போட்டால் அன்றைக்கு அது புதிய மூலதனமாக வரும், விற்பனையாக அல்ல.

ஆக வீட்டுக்கு எடுத்த காசு 480,000, விற்பனை 9,320,000, மொத்த இலாபம் 1,420,000, கொள்விலையில் 18 வீதம். மிஞ்சும் அரை வீதத்தை, 41,500ஐ, நான் துரத்தமாட்டேன். பலசரக்குக் கடையில் எலி கடித்ததும் திகதி முடிந்ததும் அவ்வளவுக்கு வரும். எண்ணிக்கையை நெருக்கி வளைத்து 18.5க்குக் கொண்டுவந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

வியாபாரக் கணக்கு இப்போது தானாக எழுதப்படும். விற்பனை 9,320,000, விற்பனைக் கிரயம் 7,900,000, மொத்த இலாபம் 1,420,000. அதிலிருந்து சம்பளம் 420,000, வாடகை 240,000, மின்கட்டணம் 120,000, சில்லறைச் செலவு 60,000, பெறுமானத்தேய்வு 60,000, ஆக 900,000ஐக் கழிக்கத் தேறிய இலாபம் 520,000. மின்கட்டணத்தில் மார்ச் மாதப் பில் ஏப்ரலில் கட்டப்பட்டிருந்தால் அதை அட்டுறு செலவாகச் சேர்க்க வேண்டும். நீங்கள் மார்ச்சுக்குள்ளேயே கட்டிவிட்டதால் இங்கே அது இல்லை. ஐந்தொகையின் மூலதனப் பகுதி: தொடக்கம் 1,400,000, அண்ணா போட்டது 500,000, இலாபம் 520,000, எடுப்பனவு காசும் சரக்குமாக 640,000 கழிக்க 1,780,000. உங்கள் இறுதி நிலைமைக் கூற்றிலிருந்த அதே எண்.

பொருந்திவிட்டது என்று மகிழ்வதற்குமுன் ஒன்று சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் இதைச் சரிபார்ப்பு என்பார்கள். உண்மையில் இது கூட்டல் கழித்தலைத்தான் சரிபார்க்கிறது. சீட்டை விட்டுவிட்டு 360,000 என்றே வைத்திருந்தாலும் ஐந்தொகை அச்சொட்டாகப் பொருந்தியிருக்கும்; இரண்டு வழியிலும் இலாபம் 400,000 என்று வந்திருக்கும். இறுதிச் சரக்கை ஒரு இலட்சம் கூட்டி எண்ணியிருந்தாலும் அப்படியே. ஒரே மீதிகளைத்தான் இரண்டு வழிகளும் பயன்படுத்துகின்றன. பிழை இரண்டிலும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். அதைக் காட்டிக்கொடுப்பது விலையிலிருந்து எடுத்த அந்த வீதம் மட்டுமே. அண்ணாவின் பணத்தைக் கடைக்காசு என்று வங்கிக் கணக்கில் சேர்த்திருந்தால் மொத்த இலாபம் 24 வீதத்தைத் தாண்டியிருக்கும். பலசரக்குக் கடையில் அந்த வீதத்தைக் கண்டவுடனேயே கையை நிறுத்தித் தேட வேண்டும்.

வங்கிக்குக் கொடுக்கும்போது கணக்குகளோடு ஒரு பக்கக் குறிப்பையும் இணையுங்கள். விற்பனை பதிவேட்டிலிருந்து எடுத்ததல்ல, கைக்காசுக் கணக்கிலிருந்து கணித்தது என்று எழுதுங்கள். 18.5 வீதம் எப்படி வந்தது, தொடக்கச் சரக்கு ஏப்ரல் 13 எண்ணிக்கையிலிருந்து எப்படிப் பின்னோக்கிக் கணிக்கப்பட்டது, எடுப்பனவில் எவ்வளவு மதிப்பீடு என்பவற்றையும் சொல்லுங்கள். கடன் பிரிவில் இருப்பவர் முதலில் பார்ப்பது, 9,320,000 விற்பனை என்கிறீர்கள், வங்கிக்கு வந்தது 6,900,000தானே என்பதைத்தான். மிகுதி சரக்குக்கும் சம்பளத்துக்கும் வாடகைக்கும் வீட்டுக்கும் காசாகவே போனது என்பதைக் கைக்காசுக் கணக்குக் காட்டும்; அதையும் சேர்த்தே கொடுங்கள். இலாபத்தைப் பெரிதாகக் காட்டினால் கடன் இலகுவாகக் கிடைக்கும் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்க வேண்டாம். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கும் இதே கணக்குத்தான் போக வேண்டும். 2024/25 ஆண்டுக்குத் தனிநபர் நிவாரணம் 1,200,000 ரூபா. அப்பாவுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் 520,000 அதற்குள் அடங்கிவிடும். தோட்டக்காணிக் குத்தகை, வீட்டு வாடகை, நிலையான வைப்பின் வட்டி ஏதாவது இருந்தால் அவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்த ஆண்டுக்கு இரட்டைப் பதிவுக்கெல்லாம் போக வேண்டாம், அப்பா எழுதமாட்டார். கடையைப் பூட்டுமுன் ஒரு கொப்பியில் மூன்று எண்கள் போதும்: லாச்சியில் உள்ள காசு, அன்று லாச்சியிலிருந்து கடைக்காகக் கொடுத்தது, வீட்டுக்கு எடுத்தது. சீட்டுக்காசு மூன்றாவது நிரலில் விழ வேண்டும். மார்ச் 31 மாலை சரக்கை எண்ணும்போது நீங்களும் கூட நின்று, பின்னறையிலிருந்து தொடங்குங்கள்.